கூடிக் குறையும் ஓ.டி. கணக்குக்கு நாள் வட்டி போடுவது எப்படி

ஓவர்டிராஃப்ட் கணக்கு வைத்திருக்கும் கடைக்கு மாதக் கடைசியில் வங்கி வட்டி என்று ஒரு தொகையைப் பற்று எழுதும். ஸ்டேட்மென்ட்டில் அது ஒற்றை வரிதான். எந்த நாளுக்கு எவ்வளவு என்ற விவரம் அதில் இருக்காது. ஒரு ஸ்டேட்மென்ட்டும் கால்குலேட்டரும் இருந்தால் அந்தத் தொகையை நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம். கணக்கு எளிது. பிசகுவதெல்லாம் தேதியில்தான்.

விதி இது: ஒவ்வொரு நாளும் வங்கி தன் கணக்கை மூடும் நேரத்தில் நீங்கள் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறீர்களோ, அந்தத் தொகைக்கு ஒரு நாள் வட்டி. காலையில் மூன்று லட்சம் பாக்கி, மதியம் ஒரு லட்சம் கட்டினீர்கள், மாலையில் எதுவும் எடுக்கவில்லை என்றால், அன்றைக்கு இரண்டு லட்சத்துக்குத்தான் வட்டி. நடுவில் ஏறி இறங்கியது கணக்கில் வராது. நாள் முடிவு இருப்பு ஒன்றே போதும்.

இப்படி முப்பது நாளுக்கும் தனித்தனியாக வட்டி போட்டுக் கூட்டலாம். ஆனால் இருப்பு தினமும் மாறுவதில்லை. ஒரே இருப்பு ஐந்து நாள் நின்றால் அதை ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம். இருப்பையும் அது நின்ற நாட்களையும் பெருக்கி வருவதைப் பெருக்கம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தின் எல்லாப் பெருக்கங்களையும் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை வட்டி விகிதத்தைப் போட்டால் வேலை முடிந்தது.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

அந்த மாதத்து வங்கி ஸ்டேட்மென்ட் வேண்டும். உங்கள் ரொக்கப் புத்தகம் இதற்கு உதவாது. ஏன் என்று பின்னால் பார்ப்போம். கடன் அனுமதிக் கடிதத்தில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ஆண்டு வட்டி விகிதம், ஆண்டுக்கு 365 நாளா 360 நாளா என்பது, லிமிட்டைத் தாண்டினால் கூடுதலாக என்ன போடுவார்கள் என்பது. லீப் ஆண்டில் சில வங்கிகள் 366-ஆல் வகுக்கும், சில 365-லேயே நிற்கும். அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேட்மென்ட்டில் இரண்டு தேதிப் பத்திகள் இருக்கலாம். ஒன்று பதிவு செய்த தேதி. மற்றது வேல்யூ டேட், அதாவது பணம் எந்த நாளிலிருந்து வட்டிக்குக் கணக்காகிறது என்ற தேதி. இரண்டும் வேறாக இருந்தால் வட்டிக்கு வேல்யூ டேட்தான் செல்லும். நீங்கள் போட்ட காசோலை வரவாகிச் சில நாள் கழித்துத் திரும்பினால் இந்த வித்தியாசம் தெரியும். திருப்பியதைப் பழைய வேல்யூ டேட்டிலேயே வங்கி எழுதியிருந்தால், நடுவில் அந்தப் பணம் வரவாக நின்றது போலத் தெரிந்தாலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

ஒரு மாதத்தைப் போட்டுப் பார்ப்போம்

லிமிட் 4,00,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், 365 நாள் கணக்கு, மாதத்துக்கு 30 நாள். மாதம் தொடங்கும்போது பாக்கி 1,80,000.

சரக்குக் கொடுத்தவருக்கு எழுதிய 1,50,000 ரூபாய் காசோலை 4-ஆம் தேதி பாஸாகிறது. 9-ஆம் தேதி 70,000 ரொக்கம் கட்டுகிறீர்கள். 12-ஆம் தேதி வங்கியில் போட்ட 90,000 ரூபாய் காசோலை 14-ஆம் தேதி வரவாகிறது. 18-ஆம் தேதி பெரிய வாடிக்கையாளர் ஒருவர் 2,10,000 அனுப்புகிறார். பாக்கி தீர்ந்து 40,000 உங்கள் பக்கம் நிற்கிறது. 21-ஆம் தேதி சம்பளமும் வாடகையுமாக 1,20,000 போகிறது. 25-ஆம் தேதி புதுச் சரக்குக்கு 3,00,000. 29-ஆம் தேதி 1,00,000 கட்டுகிறீர்கள்.

இதை இருப்பு மாறிய இடங்களில் வெட்டி எழுதினால் இப்படி வரும்:

| தேதி | நாள் முடிவு இருப்பு | நாட்கள் | பெருக்கம் |
|---|---|---|---|
| 1 – 3 | 1,80,000 பாக்கி | 3 | 5,40,000 |
| 4 – 8 | 3,30,000 பாக்கி | 5 | 16,50,000 |
| 9 – 13 | 2,60,000 பாக்கி | 5 | 13,00,000 |
| 14 – 17 | 1,70,000 பாக்கி | 4 | 6,80,000 |
| 18 – 20 | 40,000 வரவு | 3 | 0 |
| 21 – 24 | 80,000 பாக்கி | 4 | 3,20,000 |
| 25 – 28 | 3,80,000 பாக்கி | 4 | 15,20,000 |
| 29 – 30 | 2,80,000 பாக்கி | 2 | 5,60,000 |
| மொத்தம் | | 30 | 65,70,000 |

நாட்களை எண்ணும் முறையைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். 4-ஆம் தேதி பாக்கி 3,30,000 ஆகிறது, 9-ஆம் தேதி மாறுகிறது. 9-லிருந்து 4-ஐக் கழித்தால் 5 நாள். மாறிய நாள் புது இருப்பைச் சேர்ந்தது, பழையதைச் சேர்ந்தது அல்ல. இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணி 6 என்று எழுதுவது புதியவர்கள் அடிக்கடி செய்வது. கடைசி வரிக்கு அடுத்த மாத முதல் தேதியை 31 என்று வைத்து, 31-லிருந்து 29-ஐக் கழியுங்கள், 2 வரும். கையால் எண்ணும்போது நாட்கள் பத்தியைக் கூட்டினால் மாதத்தின் நாட்கள் வரவேண்டும். 31, 32 என்று வந்தால் எங்கோ ஒரு நாளை இரண்டு வரியிலும் எண்ணியிருக்கிறீர்கள்.

இனி வட்டி:

```
65,70,000 × 12 ÷ 36,500 = 2,160.00
```

36,500 என்பது 365-ஐ 100-ஆல் பெருக்கியது. சதவீதத்துக்கான நூறும் ஆண்டின் நாட்களும் ஒரே வகுத்தலில் முடிந்துவிடும். இதே மாதத்தை 360 நாள் கணக்கில் போட்டால் 36,000-ஆல் வகுக்க வேண்டும், வட்டி 2,190 ஆகும். விகிதம் அதே 12 தான், 30 ரூபாய் கூடிவிட்டது.

வங்கியின் கணினி ஒவ்வொரு நாளுக்கும் தனியாக வட்டி போட்டுப் பைசாவுக்கு முழுமையாக்கிக் கூட்டும் என்றால், உங்கள் விடைக்கும் அதற்கும் சில பைசா வித்தியாசம் வரலாம். மொத்தத்தை முழு ரூபாயாக்கிப் பற்று எழுதுகிற வங்கிகளும் உண்டு. அந்தச் சில்லறையைத் துரத்த வேண்டாம்.

குறுக்கு வழிகள் ஏன் பொய் சொல்லும்

மாதக் கடைசி இருப்பு 2,80,000, அதற்கு மாதம் 1 சதவீதம், ஆக 2,800 என்று போடுகிறவர்கள் உண்டு. சரியான வட்டியை விட 640 ரூபாய் அதிகம். மாதத் தொடக்க இருப்பையும் கடைசி இருப்பையும் கூட்டி இரண்டால் வகுத்து, 2,30,000-க்கு 30 நாள் வட்டி என்று போட்டால் 2,268.49 வரும். இது பரவாயில்லை போலத் தெரியும், ஆனால் அது தற்செயல்தான். பெரிய சரக்கு 25-ஆம் தேதிக்குப் பதில் 5-ஆம் தேதி வந்திருந்தாலும் அந்த வழியில் இதே 2,268.49 தான் கிடைக்கும். உண்மையான வட்டியோ எங்கேயோ போயிருக்கும். நடுவில் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது.

சராசரி வேண்டும் என்றால் பெருக்கத்திலிருந்து எடுங்கள். 65,70,000-ஐ 30-ஆல் வகுத்தால் 2,19,000. இந்தக் கடை அந்த மாதம் முழுக்கச் சராசரியாக வாங்கியிருந்த கடன் அதுதான்.

பணம் உங்கள் பக்கம் நிற்கும் நாட்கள்

18 முதல் 20 வரை 40,000 வரவாக நின்றது. அந்த மூன்று நாளுக்குப் பெருக்கம் பூஜ்யம். அதை மைனஸாக எடுத்து 1,20,000-ஐ மொத்தத்தில் கழித்துவிடக் கூடாது. கழித்தால் வட்டி 2,120.55 என்று வரும், 39.45 குறைவாக. ஓ.டி. கணக்கில் வரவாக நிற்கும் பணத்துக்கு வங்கி பெரும்பாலும் வட்டி தராது. எனவே அந்தப் பணம் மற்ற நாட்களின் வட்டியைக் குறைக்காது. உங்கள் கடிதத்தில் வரவுக்கும் வட்டி உண்டு என்று எழுதியிருந்தால்கூட அதன் விகிதம் வேறாக இருக்கும், தனியாகத்தான் போட வேண்டும்.

ஸ்டேட்மென்ட்டில் இருப்புக்குப் பக்கத்தில் Dr என்றிருந்தால் நீங்கள் வங்கிக்குத் தர வேண்டியது, Cr என்றிருந்தால் உங்கள் பணம். சில ஸ்டேட்மென்ட்டுகளில் இந்த எழுத்துகளுக்குப் பதில் மைனஸ் குறி இருக்கும். கடையின் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் இது தலைகீழ்: அங்கே வங்கிக்குத் தர வேண்டிய பாக்கி வரவுப் பக்கம் நிற்கும். இரண்டையும் மாற்றிப் பார்த்தால், கடன் இருந்த நாட்களுக்குப் பூஜ்யமும் பணம் இருந்த மூன்று நாளுக்கு வட்டியும் போட்டிருப்பீர்கள். விடை முப்பது, நாற்பது ரூபாய் என்று வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

லிமிட்டைத் தாண்டினால், விகிதம் மாறினால்

லிமிட் 4,00,000-க்குப் பதில் 3,50,000 என்று வைத்துக்கொள்வோம். 25 முதல் 28 வரை பாக்கி 3,80,000, அதாவது 30,000 மேலே. வங்கி அனுமதித்துக் கூடுதலாக 2 சதவீதம் போடுகிறது என்றால், அந்தக் கூடுதல் 30,000-க்கு மட்டுமா, முழு 3,80,000-க்குமா என்பதைக் கடிதத்தில் படியுங்கள். மேலே போனதற்கு மட்டும் என்றால் பெருக்கம் 1,20,000, கூடுதல் வட்டி 6.58. முழுத் தொகைக்கும் என்றால் பெருக்கம் 15,20,000, கூடுதல் வட்டி 83.29. வட்டியாக இல்லாமல் தனிக் கட்டணமாகப் பிடிக்கும் வங்கியும் உண்டு. அப்போது அது இந்தப் பெருக்கக் கணக்குக்குள் வராது, ஸ்டேட்மென்ட்டில் வேறு வரியாக இருக்கும்.

விகிதம் மாத நடுவில் மாறினால், மாறிய தேதியிலும் ஒரு வெட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், அன்று இருப்பு மாறாவிட்டாலும். 16-ஆம் தேதியிலிருந்து 12.5 சதவீதம் என்றால், 14 – 17 வரி 14 – 15, 16 – 17 என்று இரண்டாகும். முதல் பாதியின் பெருக்கம் 38,30,000, அதற்கு 12 சதவீதம். இரண்டாம் பாதி 27,40,000, அதற்கு 12.5. மொத்த வட்டி 2,197.53. இரண்டு விகிதத்துக்கும் சராசரி எடுத்து 12.25 என்று போடாதீர்கள். இரண்டு பாதியிலும் பெருக்கம் ஒரே அளவாக இருந்தால்தான் அது சரியாக வரும்.

வட்டி பற்று எழுதப்பட்டதும் அதுவும் கடனோடு சேர்ந்துவிடுகிறது. 30-ஆம் தேதி கணக்கை மூடிய பிறகு 2,160 எழுதினால் அடுத்த மாதம் 2,82,160 பாக்கியோடு தொடங்கும். அடுத்த மாதக் கணக்கின் முதல் வரியில் 2,80,000 என்று எழுதிவிட்டால் அந்த மாதம் முழுக்கச் சிறு வித்தியாசம் ஓடிக்கொண்டே இருக்கும்: 30 நாளில் 21.30.

ஸ்பிரெட்ஷீட்டில் போடுவது

A பத்தியில் இருப்பு மாறிய தேதி, B-யில் அன்றைய நாள் முடிவு இருப்பு. பாக்கியைப் பிளஸாகவும் வரவை மைனஸாகவும் எழுதுங்கள். ஒரே நாளில் நாலைந்து வரிகள் இருந்தால் கடைசி வரியின் இருப்பு மட்டும் போதும். முதல் வரி எப்போதும் மாதத்தின் 1-ஆம் தேதி, அன்று எதுவும் நடக்காவிட்டாலும். நம் உதாரணத்தின் எட்டு வரிகள் 2 முதல் 9 வரை உட்காரும். A10-இல் அடுத்த மாத முதல் தேதி. அந்த வரியில் வேறெதுவும் வேண்டாம்.

```
C2:  =A3-A2
D2:  =MAX(B2,0)*C2
D11: =SUM(D2:D9)*12/36500
```

C2, D2 இரண்டையும் 9-ஆம் வரி வரை இழுத்துவிடுங்கள். வரவு நாட்களைப் பூஜ்யமாக்கும் வேலையை `MAX` பார்த்துக்கொள்ளும். C பத்தியில் நாட்களுக்குப் பதில் தேதி தெரிந்தால் அந்தப் பத்தியின் வடிவத்தை எண்ணாக மாற்றுங்கள். `#VALUE!` வந்தால் ஏதோ ஒரு தேதி வெறும் எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கையால் எண்ணும்போது நாட்களின் கூட்டுத்தொகை 30 என்றால் நிம்மதி. ஷீட்டில் அந்தச் சோதனை எதையும் பிடிக்காது. ஒவ்வொரு வரியும் அடுத்த தேதியிலிருந்து கழித்து வருவதால், நடுவில் எந்தத் தேதியைத் தப்பாகப் போட்டாலும் ஒரு வரியில் கூடி இன்னொரு வரியில் குறைந்து மொத்தம் 30 ஆகவே நிற்கும். நாளும் மாதமும் இடம் மாறிப் பதிந்திருந்தால் C-யில் மைனஸ் எண்ணோ நூற்றுக்கணக்கான நாளோ தெரியும், அதைக் கண்ணால் பிடிக்கலாம். 14-ஐ 12 என்று தட்டியிருந்தால் அதுவும் தெரியாது. தேதிகளை ஸ்டேட்மென்ட்டோடு ஒரு முறை விரல் வைத்து ஒப்பிடுவதைத் தவிர இதற்கு வழியில்லை.

ஒத்துப்போகவில்லை என்றால் எங்கே தேடுவது

ரொக்கப் புத்தகத்தை வைத்து இந்த மாத வட்டியைப் போட்டிருந்தால் 2,199.45 வந்திருக்கும். வங்கி எழுதியது 2,160. வித்தியாசம் 39.45. அதைப் பின்னோக்கிப் பெருக்கமாக மாற்றுங்கள்:

```
39.45 × 36,500 ÷ 12 = 1,19,994
```

பைசா முழுமையாக்கியதை விட்டால் 1,20,000. தொகையும் நாளும் பெருக்கி 1,20,000 வருவது எது என்று தேட வேண்டும். பட்டியலில் உடனே கண்ணில் படுவது 40,000 × 3, அந்த வரவு நாட்கள். ஆனால் அந்தத் தப்பைச் செய்தால் வட்டி குறைவாக வந்திருக்கும். இங்கே உங்கள் விடை வங்கியை விட அதிகம். ஆக, திசை ஒத்துப்போகவில்லை, அதை விட்டுவிடலாம்.

ஒற்றைத் தொகை எதுவும் பொருந்தாதபோது இரண்டு தப்புகள் ஒன்றையொன்று தின்றிருக்கலாம். காசோலைகளைப் பாருங்கள். சரக்குக் கொடுத்தவருக்கான 1,50,000 காசோலையை நீங்கள் எழுதிக் கொடுத்தது 2-ஆம் தேதி. ரொக்கப் புத்தகத்தில் அன்றே பதிந்தீர்கள். வங்கியில் பாஸானது 4-ஆம் தேதி. இரண்டு நாள், பெருக்கம் 3,00,000, நீங்கள் கூடுதலாகப் போட்ட வட்டி 98.63. வாடிக்கையாளரின் 90,000 காசோலையை 12-ஆம் தேதியே வரவு வைத்தீர்கள். வங்கியில் வந்தது 14. இங்கும் இரண்டு நாள், பெருக்கம் 1,80,000, நீங்கள் குறைத்துப் போட்டது 59.18. ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் மிச்சம் சரியாக 39.45.

ரொக்கப் புத்தகம் காசோலை கை மாறிய நாளைச் சொல்கிறது, வங்கி பணம் நகர்ந்த நாளுக்கு வட்டி போடுகிறது. நீங்கள் கொடுக்கும் காசோலையில் இந்த இடைவெளி உங்களுக்குச் சாதகம், வாங்கும் காசோலையில் பாதகம்.

வித்தியாசத்தை இப்படித் தேடும்போது ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் வேலை வேகமாகும்: 12 சதவீதத்தில் ஒரு லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 32.88. வித்தியாசம் 33 ரூபாய்க்கு அருகில் என்றால் ஒரு லட்சம் ஒரு நாளோ, ஐம்பதாயிரம் இரண்டு நாளோ நகர்ந்திருக்கிறது. இதே எண்ணை வைத்து இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு நாள் விடுமுறைக்கு முந்தைய மாலை 50,000 ரொக்கத்தைக் கல்லாவிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, வங்கி திறந்ததும் கட்டினால் மூன்று நாள் வட்டி ஓடும், 49.32. வங்கி வரை போய் வர ஆகும் செலவு அதைவிடக் குறைவா கூடவா என்பது உங்கள் கணக்கு.